ஏழு கட்டம் போட்ட காய்ச்சல் நோட்டீஸ்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் எங்கள் கிளினிக்கில் உட்கார இடம் இருக்காது. தேனி மாவட்டத்தில் வாழையும் திராட்சையும் விளைகிற ஒரு சின்ன ஊர். இரண்டு அறை, ஒரு சிஸ்டர், நான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் காய்ச்சல்தான். உட்கார்ந்ததும் அவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "நல்ல பவர் மாத்திரையா எழுதிக் குடுங்க டாக்டரம்மா, நாளைக்கு வேலைக்குப் போயாகணும்."

பவர் மாத்திரை என்று இங்கே சொல்வது ஆன்டிபயாடிக்கை. பலர் என்னிடம் வரும்போதே ஒரு சுற்று சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். அசித்ரோமைசின் 500, மூன்று மாத்திரை. அல்லது ஒரு சின்னக் காகித உறையில் நாலு மாத்திரை, எதன் பெயரும் தெரியாது. மழைக்காலக் காய்ச்சல்களில் பெரும்பகுதி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று ஒருவருக்கு விளங்கச் சொல்ல ஐந்து நிமிடமாவது வேண்டும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. சரி, எழுதி அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாம் என்று ஒரு நோட்டீஸ் தயார் செய்தேன். அந்த ஒரு பக்கத்தை இதுவரை நான்கு முறை மாற்றி அச்சடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எது தப்பாகப் போனது, எதை மாற்றினேன் என்று எழுதுகிறேன். உங்கள் ஊரில் இப்படி ஒன்று செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். வீட்டில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று பார்க்கிறவர்களுக்கும் உதவும்.

முதல் நோட்டீஸ் ஏ4 தாளில் இரண்டு பக்கம், பதினோரு குறிப்புகள், பொடி எழுத்து. "ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியா என்னும் நுண்ணுயிரியைக் கொல்லும் மருந்து. அது வைரஸ் மீது செயல்படாது" என்று தொடங்கும். எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மாலையில் பெஞ்சைத் துடைக்கும்போது சிஸ்டர் ஒரு கட்டு நோட்டீஸைத் திரும்ப எடுத்துவந்து மேசையில் வைப்பார். படித்தவர்களிடமும் அது போய்ச் சேரவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடி போட்டு முழுதும் வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நுண்ணுயிரின்னா கிருமி. வைரஸும் கிருமிதானே? கிருமியைக் கொல்ற மருந்து இந்தக் கிருமியை மட்டும் ஏன் கொல்லாது?"

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. நம் பேச்சில் கிருமி என்ற ஒரே சொல் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை எல்லாவற்றையும் சுமக்கிறது. "கிருமி இருக்கு, கிருமி மாத்திரை எழுதுறேன்" என்று நாங்களே இத்தனை வருடமாகச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அப்படிப் பழகிய காதில் வைரஸ் கிருமி என்று விழுந்தவுடன், அடுத்து கிருமி மாத்திரைதான் வந்தாக வேண்டும்.

இதற்கு விடை கொடுத்தவர் ஒரு வாழை விவசாயி. பேரனைக் காட்ட வந்திருந்தார். நான் திணறி விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அதாவது, களைக்கொல்லியை அடிச்சா புழு சாகாது, அதானே சொல்றீங்க?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "புழு சாகாதது மட்டுமில்ல, பக்கத்துல நிக்கிற நல்ல பயிரும் கருகிப்போகும்" என்றார்.

இரண்டாவது நோட்டீஸில் பதினோரு குறிப்பையும் எடுத்துவிட்டு அவர் சொன்னதைப் பெரிய எழுத்தில் போட்டேன். பூச்சிமருந்து, களைக்கொல்லி இரண்டும் வேறு வேறு என்பது எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். அதற்கு மேல் விவரம் கேட்பவர்களுக்கு மட்டும் வாய்மொழியாக இப்படிச் சொல்வேன். பாக்டீரியா தனக்கென்று சுவரும் சமையலறையும் உள்ள முழு உயிர். அமாக்சிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். அசித்ரோமைசின் அந்தச் சமையலறையில், அதாவது புரதம் தயாராகும் இடத்தில், அடுப்பை அணைக்கும். வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சமையலறையும் கிடையாது. அது நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து நம் சமையலறையிலேயே தன் சாப்பாட்டைச் செய்துகொள்கிறது. ஆன்டிபயாடிக் போய் அடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அது அடிப்பதெல்லாம் நம் குடலில் நமக்கு உதவியாக இருக்கிற நல்ல பாக்டீரியாக்களைத்தான். அதனால்தான் பவர் மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்கு மறுநாள் வயிறு கலங்கிப் பேதியாகிறது. அடி வாங்கியும் சாகாமல் தப்பிய பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடுகின்றன. பிறகு நிஜமாகவே அந்த மருந்து தேவைப்படும் நாளில் அது கேட்பதில்லை.

புரிந்தது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனாலும் மாத்திரை கேட்பது குறையவில்லை. "நீங்க சொல்றது சரிதான். ஆனா போன தடவை அந்த மூணு மாத்திரையிலதான எனக்குக் கேட்டுச்சு?" இந்தக் கேள்விக்கு முன்னால் களைக்கொல்லி உவமை நிற்கவில்லை. சொந்த உடம்பில் கண்டதைவிட என் நோட்டீஸ் பெரிதாக இருக்க முடியாது.

அப்போதுதான் நாள்கணக்கைக் கையில் எடுத்தேன். சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளில் தானாகவே இறங்கிவிடும். 2023 மார்ச்சில் ஃப்ளூ பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமும் இதைத்தான் சொன்னது: காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கும், அசித்ரோமைசின் போன்றவற்றை இதற்குச் சாப்பிடாதீர்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சல் வந்த முதல் நாள் யாரும் எதுவும் செய்வதில்லை, கஷாயமும் ஆவியுமாகப் போய்விடும். இரண்டாம் நாள் மருந்துக்கடைக்குப் போய் மூன்று மாத்திரை வாங்குகிறார்கள். இரண்டு, மூன்று, நான்காம் நாட்களில் ஒவ்வொன்று. நான்காம் நாள் கடைசி மாத்திரையை விழுங்கும்போது, எதுவும் சாப்பிடாமல் இருந்திருந்தாலும் போயிருக்கும் காய்ச்சல் போகிறது. பெயர் மாத்திரைக்குக் கிடைக்கிறது. அடுத்த முறை அதே மூன்று மாத்திரை, அப்புறம் பக்கத்து வீட்டுக்கும் அதே சிபாரிசு.

இதைத் தாளில் ஏழு கட்டங்களாக வரைந்து, மாத்திரை நாட்களை மட்டும் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினால் முகம் மாறுவதைப் பார்க்கலாம். "அப்ப நான் சாப்பிடலைன்னாலும் விட்டிருக்குமா?" என்று அவர்களே கேட்பார்கள். நான் பக்கம் பக்கமாகச் சொல்லியும் வராத கேள்வி, ஏழு கட்டத்தைப் பார்த்ததும் வந்தது. மூன்றாவது நோட்டீஸ் இப்படிப் பிறந்தது. மேலே "வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்ற தலைப்பு, நடுவில் களைக்கொல்லி, கீழே ஏழு கட்டம், "மூன்று நான்கு நாளில் தானாகச் சரியாகும்" என்ற வரி.

அந்த நோட்டீஸ் இரண்டு பேருக்குத் தீங்கு செய்தது. இரண்டுமே என் எழுத்தில் இருந்த கோளாறு.

முதலாவது, சர்க்கரை நோய் உள்ள ஒரு பாட்டி. காலில் சீழ்பிடித்துச் சிவந்து வீங்கியிருந்தது, காய்ச்சலும் இருந்தது. அது பாக்டீரியாவால் வந்தது என்பதால் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருந்தேன். வீட்டில் மருமகள் காய்ச்சலுக்கு வாங்கிவந்திருந்த என் நோட்டீஸைப் பேத்தி சத்தமாகப் படித்திருக்கிறாள். தலைப்பில் அவள் காதில் தங்கியது கடைசி இரண்டு வார்த்தை மட்டும்: ஆன்டிபயாடிக் வேண்டாம். டாக்டரே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார் என்று இரண்டாம் நாளோடு பாட்டிக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் நாள் வீக்கம் முழங்காலைத் தொட்ட பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து எழுந்தார்.

அன்றே தலைப்பை எடுத்துவிட்டேன். இப்போது "வேண்டாம்" என்ற சொல்லே எங்கள் தலைப்பில் கிடையாது. "உங்களுக்கு இப்போது வந்திருக்கும் காய்ச்சல் பற்றி" என்று இருக்கும். அதன் கீழே பெயர், தேதி எழுத இடம். யாருக்குக் கொடுத்தோமோ அவருடைய, அந்தக் காய்ச்சலுக்கு மட்டுமான சீட்டு என்று கண்ணில் படவேண்டும். கூடவே ஒரு வரி: "வேறு நோய்க்கு டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கை இந்தச் சீட்டைப் பார்த்து நிறுத்தக் கூடாது."

இரண்டாவது நடந்ததை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன், 38 கிலோ. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை, அதாவது மூன்றாம் நாள், என்னிடம் வந்தான். உடம்புவலி, கண்ணுக்குப் பின்னால் வலி. ரத்தம் பார்த்ததில் தட்டணுக்கள் 1,60,000, பிசிவி 40. பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்கிற அளவு. டெங்குவாக இருக்கலாம் என்று சொன்னேன். பாரசிட்டமால் எழுதினேன், நோட்டீஸைக் கொடுத்தேன், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். வியாழக்கிழமை ராத்திரி காய்ச்சல் விட்டது. "தானாகச் சரியாகும்" என்று நோட்டீஸில் இருந்ததே, அப்படியே ஆகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகிவிட்டார்கள். மறுபடி வரவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு முறை வாந்தி, வயிற்றுவலி. இட்லி சேரவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். மதியம் அம்மா அழைத்துவரும்போது, "காய்ச்சல் விட்டுருச்சு டாக்டர், வயித்துவலிக்குத்தான் வந்தோம்" என்றார்.

பையனின் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடியது. ரத்த அழுத்தம் 100/80. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையில் இருபதுதான் வித்தியாசம். எப்போது ஒன்றுக்குப் போனான் என்று கேட்டேன். முந்தின நாள் ராத்திரி தூங்கப் போகும்முன் என்றார். பிசிவி 48, தட்டணுக்கள் 62,000. நாற்பது நாற்பத்தெட்டாகிறது என்றால் ரத்தத்திலிருந்து நீர் வெளியே கசிந்து ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டது என்று பொருள். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாளில்தான். உடனே நரம்பில் சலைன் ஏற்றிக்கொண்டே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-இல் அனுப்பினேன். நாலாம் நாள் பிழைத்து வீடு வந்தான். அரை நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாரசிட்டமால் மட்டும் போதும் என்று நான் சொன்னது தப்பில்லை. டெங்குவும் வைரஸ்தான், எந்த ஆன்டிபயாடிக்கும் அவனைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் என் நோட்டீஸ், மருந்து வேண்டாம் என்பதோடு நின்றுவிட்டது. என்ன பார்க்கவேண்டும், எந்த நாளில் பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஆன்டிபயாடிக்கைக் கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டு அந்த இடத்தில் நான் எதையும் கொடுக்கவில்லை.

நான்காவது நோட்டீஸில் இடத்தின் முக்கால் பங்கு "என்ன செய்வது" என்பதற்குப் போனது. அதே ஏழு கட்டம்தான், ஆனால் இப்போது அதில் வேலை இருக்கிறது. முதல் கட்டத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியை நாங்கள் எழுதித் தருகிறோம். இதை நோயாளியிடம் விட்டால், டாக்டரைப் பார்த்த நாளை முதல் நாளாக எண்ணுவார்கள், கணக்கு இரண்டு நாள் பிந்திவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் காய்ச்சல் அளவு, சிறுநீர் எத்தனை முறை என்று இரண்டே விவரம். மூன்று முதல் ஏழு வரை உள்ள கட்டங்களுக்கு மட்டும் தடித்த கோடு. அதன் அடியில்: "காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கவனம்."

சிறுநீரை ஏன் சேர்த்தேன் என்றால், வீட்டில் உள்ளவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கக்கூடிய மிக நல்ல அடையாளம் அது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது, வெளிர் நிறத்தில் போனால் உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறது. ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை என்றால் அதுவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பக் காரணம். தட்டணுக்கள் எத்தனை என்று தினம் மூன்று முறை லேபுக்கு ஓடுகிற அப்பாவுக்குப் பையன் காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை என்பது தெரியாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பாரசிட்டமால். "காய்ச்சலுக்கு பாரசிட்டமால் சாப்பிடவும்" என்று அச்சடித்துப் பயனில்லை. குழந்தைக்கு எடையைப் பொறுத்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். ஆனால் கடையில் கிடைக்கும் சிரப் ஒரே திறனில் இல்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. முதலாவதில் ஏழரை மில்லி, இரண்டாவதில் மூன்றரை மில்லி. கைக்குழந்தைக்கான சொட்டுமருந்து இன்னும் அடர்த்தி, ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். பாட்டில் மாறினால் அளவு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடும். அதனால் நோட்டீஸில் அளவு அச்சாகவில்லை, வெற்றுக்கோடு மட்டும் இருக்கிறது: "எடை ___ கிலோ. இந்த பாட்டிலில் ___ மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது." பாட்டிலை மேசையில் வைத்து, லேபிளைப் பார்த்துவிட்டு சிஸ்டர் எழுதுவார். அளப்பது பாட்டிலோடு வரும் மூடியில்தான், வீட்டு ஸ்பூனில் இல்லை. பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மாத்திரை, அதே ஆறு மணி நேர இடைவெளி. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் தினம் குடிக்கிறவர்களுக்கும் அளவைக் குறைத்து எழுதுவேன். சளிமாத்திரை என்று கடையில் தருவதிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிவிடும் என்பதையும் வாயால் சொல்லிவிடுகிறோம்.

கூடாதவை என்று ஒரே ஒரு வரி வைத்திருக்கிறேன்: வலி மாத்திரை, வலி ஊசி. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும். "ஒரு ஊசி போட்டா வேர்த்து விட்டுரும்" என்று கேட்டு வாங்குகிற ஊசி பெரும்பாலும் இந்த வகைதான். இதய நோய்க்காகத் தினம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் செய்யட்டும் என்பதையும் சேர்த்தேன். பாட்டியின் கால் எனக்குக் கற்றுக்கொடுத்த வரி அது.

குடிப்பதில் கஞ்சி, மோர், இளநீர், ரசம் எல்லாம் நன்று. உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில்தான் தவறு நடக்கிறது. பெரிய பாக்கெட் முழுதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்ன பாக்கெட் 200 மில்லி தண்ணீருக்கு. குழந்தை குடிக்கமாட்டேன் என்கிறதே என்று பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்த தாய் ஒருவர் வந்திருக்கிறார். உப்பு கூடினால் அது மருந்தல்ல, ஆபத்து. இப்போது சிஸ்டர் ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்துக் காட்டித்தான் பாக்கெட்டைக் கொடுக்கிறார். இதயம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தனியாக எழுதித் தருகிறோம்.

நோட்டீஸின் பின்பக்கம் முழுதும் ஒரே விஷயம், எப்போது உடனே வரவேண்டும். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூக்கு, ஈறு, மலத்தில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து கண் திறக்காமல் கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, மூச்சுவாங்குவது, வலிப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டால் வேறு எதற்கும் காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சீட்டையே நாங்கள் கொடுப்பதில்லை, அவர்களை மறுநாளே திரும்ப வரச் சொல்லிவிடுகிறோம்.

அதில் தனியாகக் கட்டம் கட்டிய வரி ஒன்று: "ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் இருந்தால் இது வேறு காய்ச்சலாக இருக்கலாம். வாருங்கள்." ஏனென்றால் ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவைப்படும் காய்ச்சல்களும் இதே மழைக்காலத்தில்தான் வருகின்றன. டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல். கடைசியாகச் சொன்னது எங்கள் பக்கம் தோட்டவேலைக்காரர்களுக்கு அடிக்கடி வருகிறது. அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டாற்போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அவர்களுக்கே தெரியாது. ஆடையை விலக்கித் தேடினால்தான் கிடைக்கும். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. "வைரஸ்தான், தானாகப் போகும்" என்று நாங்கள் ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது, போகாவிட்டால் என்ன என்பதற்கும் அந்தத் தாளிலேயே பதில் இருக்கவேண்டும்.

இரண்டாம் நாளிலேயே வைடால் டெஸ்ட் எடுத்துக்கொண்டு, "டைபாய்டு கலந்திருக்குன்னு சொன்னாங்க" என்று வருகிறவர்களும் உண்டு. ஒரு முறை எடுத்த வைடால், அதுவும் இவ்வளவு சீக்கிரம் எடுத்தது, நம்பத்தக்கதல்ல. முன்பு எப்போதோ வந்த தொற்றுக்கும், வேறு காய்ச்சலுக்கும்கூட அது காட்டும். உண்மையில் சந்தேகம் இருந்தால் மருந்து தொடங்கும்முன் ரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு எடுப்பதுதான் முறை. முதலிலேயே பவர் மாத்திரை விழுங்கியிருந்தால் அந்தப் பரிசோதனையிலும் கிருமி வளராமல் போகலாம். எந்தக் காய்ச்சல் என்று கடைசிவரை தெரியாமலேயே வைத்தியம் பார்க்க நேரும்.

இன்னொரு கூட்டம் எட்டாம் நாள், பத்தாம் நாள் வரும். காய்ச்சல் போய்விட்டது, இருமல் போகவில்லை, சளி மஞ்சளாகிவிட்டது, இப்போதாவது ஆன்டிபயாடிக் கொடுங்கள் என்று. சளியின் மஞ்சளும் பச்சையும் நம் வெள்ளணுக்கள் வேலை செய்து மடிவதால் வரும் நிறம், வைரஸ் தொற்றிலும் வரும். நிறத்தை வைத்து மருந்தை முடிவு செய்ய முடியாது. போன காய்ச்சல் மறுபடி ஏறினால், மூச்சுவிடச் சிரமமானால், மார்பில் ஒருபக்கம் குத்தினால் அது வேறு விஷயம். அப்போது நெஞ்சில் வைத்துப் பார்த்து முடிவு செய்வேன், ஆன்டிபயாடிக்கும் எழுதுவேன்.

தாளைக் கொடுக்கும் விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வேல்ஸிலும் இங்கிலாந்திலும் 61 குடும்ப மருத்துவர் நிலையங்களில் குழந்தைகளின் சளி இருமலுக்கு இப்படி ஒரு கையேட்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. கையேடு இல்லாத இடங்களில் நூற்றுக்கு சுமார் 41 குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டது, கையேடு பயன்படுத்திய இடங்களில் சுமார் 20 குழந்தைகளுக்குத்தான். இதில் நான் கவனித்தது ஒன்றுதான். அவர்கள் அதை வாசலில் அடுக்கிவைக்கவில்லை. மருத்துவர் நோயாளியோடு சேர்ந்து புரட்டிப் பேசப் பயிற்சி எடுத்திருந்தார்கள். நாங்களும் பெஞ்சில் வைப்பதை நிறுத்தினோம். இப்போது பேனாவைக் கையில் எடுக்காமல் யாருக்கும் சீட்டு போகாது. தேதி, எடை, மில்லி எழுதிய பிறகு சிஸ்டர் ஒரு கேள்வி கேட்பார்: "வீட்டுக்குப் போனா மாமியார் கேப்பாங்கல்ல, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு? என்ன சொல்வீங்க?" அவர்கள் திருப்பிச் சொல்வதில்தான் நமக்கு எல்லாம் தெரிந்துவிடும். தொடக்கத்தில் பத்துப் பேரிடம் இப்படிக் கேட்டதில் ஆறேழு பேர் காய்ச்சல் விட்டபின் கவனம் என்பதையே சொல்லவில்லை. அந்த வரியைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து கட்டங்களுக்கு நேர்கீழே வைத்த பிறகுதான் சொல்ல ஆரம்பித்தார்கள்.

வெளியில் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கும் ஒரு வரி உண்டு: "ஏற்கனவே சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் கொண்டுவாருங்கள்." அட்டையில் நெடுகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் அட்டைகளில் அந்தக் கோடு இருக்கும், வேறு சில மருந்துகளிலும் இருக்கும். ஆகவே கோடு இருப்பதெல்லாம் ஆன்டிபயாடிக் என்று எழுதாமல், "சிவப்புக் கோடு இருந்தால் கேட்காமல் சாப்பிடாதீர்கள்" என்று மட்டும் எழுதினேன். எங்கள் தெருமுனை மருந்துக்கடை அண்ணனிடமும் ஒரு கட்டு சீட்டு கொடுத்திருக்கிறேன். முதலில் வியாபாரம் போய்விடும் என்று தயங்கினார். பாரசிட்டமாலும் உப்புச்சர்க்கரைப் பாக்கெட்டும் தெர்மாமீட்டரும் அவரிடம்தானே வாங்கப்போகிறார்கள் என்றேன். இப்போது மூன்று மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் சில சமயம் அவரே, "எத்தனையாவது நாள்?" என்று கேட்டு என்னிடம் அனுப்புகிறார். எல்லா நாளும் அப்படிச் செய்வதில்லை. கடையில் கூட்டம் இருந்தால் கேட்ட மாத்திரை போய்விடுகிறது.

போன மழைக்கு அந்தப் பையனின் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா ஆறாம் நாள் காலையில் அழைத்துவந்தார், காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. கையில் எங்கள் சீட்டு. மேல்பக்கம் நடுவில் ஒரு ஓட்டை கிழிந்திருந்தது. என்ன என்று கேட்டேன். சமையலறையில் நாள்காட்டி மாட்டும் ஆணியில் குத்தி வைத்திருந்தாராம், அங்கேதான் தினம் கண்ணில் படும் என்று. ஆறு கட்டத்திலும் பென்சிலால் எழுதியிருந்தார். ஐந்தாம் நாள்: 98.6, ஐந்து முறை. ஆறாம் நாள் காலை வரை: இரண்டு முறை. பிள்ளையின் கை கதகதப்பாக இருந்தது, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள், பிசிவி ஏறவில்லை. இப்போது அச்சகத்தில் கொடுக்கும்போதே மேலே ஓட்டை போட்டு வாங்குகிறோம்.